'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் சர்க்கரை குறைவா? நுரைக்கும் ஒயின் புட்டிகளின் சொற்கள் சொல்வதும் சொல்லாததும்

விமான நிலையத்தின் தீர்வையற்ற கடை ஒன்றில் அருகருகே இரண்டு புட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் மீது 'ப்ரூட்' என்றும், மற்றொன்றின் மீது 'எக்ஸ்ட்ரா டிரை' என்றும் அச்சிடப்பட்டுள்ளது. ஒயினைப் பொருத்தவரை 'டிரை' என்றால் இனிப்பற்றது என்பதைப் பலரும் அறிவர். அப்படியானால் 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது இனிப்பு அறவே இல்லாததாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி, சர்க்கரையைத் தவிர்க்க விரும்பும் வாடிக்கையாளர் அந்தப் புட்டியையே எடுக்கக் கூடும். உண்மையில் அவர் கையில் எடுத்ததுதான் இரண்டில் இனிப்பு மிகுந்தது.

ஷாம்பெயின், ப்ரொசெக்கோ, காவா உள்ளிட்ட நுரைக்கும் ஒயின்களின் மேலட்டைகளில் காணப்படும் இத்தகைய சொற்கள் விற்பனைக்காகச் சூட்டப்பட்ட அடைமொழிகள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவை சட்டப்படி வரையறுக்கப்பட்டவை. மேலட்டையில் கட்டாயமாக இடம்பெற வேண்டியவை. ஆனால், அந்த வரையறை எதை அளக்கிறது என்பதில்தான் பொதுவான குழப்பம் உள்ளது. எவ்வளவு சர்க்கரை சேர்க்கப்பட்டது என்பதை இச்சொற்கள் கூறுவதாகப் பலர் எண்ணுகின்றனர். ஒரேயொரு சொல்லைத் தவிர, மற்றவை அதைக் கூறுவதில்லை. விற்பனைக்கு வரும்போது ஒரு லிட்டர் ஒயினில் மொத்தம் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதையே அவை குறிக்கின்றன. அந்தச் சர்க்கரை திராட்சையிலிருந்து வந்ததா, தயாரிப்பாளர் சேர்த்ததா என்பது கணக்கில் வராது.

ஏழு படிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, இனிப்பு மிகக் குறைந்ததிலிருந்து மிகுந்தது வரை ஏழு சொற்கள் உள்ளன. ஒரு லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரை இருந்தால் 'ப்ரூட் நேச்சர்'. 6 கிராம் வரை 'எக்ஸ்ட்ரா ப்ரூட்'. 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் 'ப்ரூட்'. அடுத்து வருவதுதான் 'எக்ஸ்ட்ரா டிரை'. இதற்கு 12 முதல் 17 கிராம் வரை. 'செக்' அல்லது 'டிரை' என்பதற்கு 17 முதல் 32 கிராம் வரை. 'டெமி-செக்' என்பதற்கு 32 முதல் 50 கிராம் வரை. 50 கிராமுக்கு மேற்பட்டது 'டூ'.

பிரெஞ்சு மொழியில் 'ப்ரூட்' என்றால் பதப்படுத்தப்படாதது, கச்சாவானது என்று பொருள். 'செக்' என்பது உலர்ந்தது. 'டெமி-செக்' என்பது பாதி உலர்ந்தது. 'டூ' என்பது இனியது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் 'மிக உலர்ந்தது' நான்காவது இடத்திலும், 'உலர்ந்தது' ஐந்தாவது இடத்திலும் வருவதைக் காணலாம். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட நல்ல பொறி அமைவது அரிது. 'பாதி உலர்ந்தது' எனப்படும் டெமி-செக் ஒயினை அருந்துபவர் எவரும் அதைப் பாதி இனிப்பு என்று சொல்ல மாட்டார். அது தெளிவாகவே இனிப்பான பானம்.

குழப்பத்தை அதிகரிக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. நுரைக்காத சாதாரண ஒயினில் 'டிரை' என்ற அதே சொல்லுக்கு வேறு வரம்பு உள்ளது. அங்கு ஒரு லிட்டருக்கு 4 கிராம் வரை மட்டுமே சர்க்கரை இருக்கலாம். அமிலம் போதிய அளவில் இருந்தால் அதிகபட்சமாக 9 கிராம் வரை அனுமதி உண்டு. நுரைக்கும் ஒயினில் 'டிரை' என்பதோ 17 கிராமில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் 'ட்ரோக்கன்' என்று அச்சிட்ட சாதாரண வெள்ளை ஒயினும், அதே சொல்லைத் தாங்கிய 'செக்ட்' எனும் நுரைக்கும் ஒயினும் ஒரே கடையில் விற்கப்படுகின்றன. சொல் ஒன்றே, சர்க்கரையின் அளவு இரண்டு மடங்கு முதல் பல மடங்கு வரை வேறுபடும்.

இருமுறை சேர்க்கப்படும் சர்க்கரை

சேர்க்கப்படும் சர்க்கரைக்கும் எஞ்சும் சர்க்கரைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய, பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் ஒரு புட்டி எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அங்கு சர்க்கரை இரண்டு வெவ்வேறு கட்டங்களில், இரண்டு வெவ்வேறு நோக்கங்களுக்காகச் சேர்க்கப்படுகிறது.

முதலில் திராட்சைச் சாறு வழக்கமான முறையில் நொதித்து, நுரையற்ற, புளிப்பு மிகுந்த ஒயினாகிறது. இதைப் புட்டிகளில் அடைக்கும்போது ஈஸ்டுடன் சர்க்கரைக் கரைசலும் சேர்க்கப்படுகிறது. இக்கரைசலுக்கு 'லிக்கர் தெ திராஜ்' என்று பெயர். ஒரு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை என்பது வழக்கமான அளவு. மூடிய புட்டிக்குள் ஈஸ்ட் இந்தச் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு வெளியேற வழியில்லாததால் ஒயினிலேயே கரைகிறது. ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்பது ஒயின் தயாரிப்பாளர்களின் பழைய கணக்கு. 24 கிராமுக்கு 6 வளிமண்டல அழுத்தம் கிடைக்கிறது. கார் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம். தக்கை 'பட்' என்று தெறிப்பது இந்தச் சர்க்கரையின் வேலைதான்.

இந்தக் கட்டத்தில் சேர்த்த சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் கரைந்துபோகிறது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு எஞ்சலாம். ஒயினின் ஆல்கஹால் அளவு ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேலாக உயர்கிறது. இனிப்போ கூடுவதில்லை.

அதன்பின் புட்டிகள் மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில் நிலவறையில் கிடக்கின்றன. வேலை முடித்த ஈஸ்ட் படிவாகத் தங்குகிறது. புட்டிகளைச் சிறிது சிறிதாகச் சுழற்றித் தலைகீழாகச் சாய்த்து, படிவைக் கழுத்துப் பகுதிக்குக் கொண்டு வருகின்றனர். கழுத்தை உறைகுளிர்க் கரைசலில் அமிழ்த்தினால் படிவு பனிக்கட்டியாக இறுகும். மூடியைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் அழுத்தமே அந்தக் கட்டியை வெளியே தள்ளிவிடும். கூடவே கொஞ்சம் ஒயினும் வெளியேறும்.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் கட்டத்தில்தான் இரண்டாவது சர்க்கரை வருகிறது. ஒயினில் கரும்புச் சர்க்கரையையோ பீட்ரூட் சர்க்கரையையோ அடர்த்தியாகக் கரைத்துத் தயாரிக்கும் இக்கரைசலுக்கு 'லிக்கர் தெக்ஸ்பெதிசியோன்' என்று பெயர். இதைச் சேர்க்கும் செயலை 'தொசாஜ்' என்கின்றனர். இக்கரைசலில் ஒரு லிட்டருக்கு 500 முதல் 750 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் நீக்கப்பட்டுவிட்டதால் இந்தச் சர்க்கரையை உண்ண எவரும் இல்லை. அது அப்படியே தங்கிவிடுகிறது. ப்ரூட், டெமி-செக் முதலான சொற்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சில மில்லி லிட்டர்கள்தான்.

ஒரு புட்டியின் கணக்கு

750 மில்லி லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு ஷாம்பெயின் புட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் லிட்டருக்கு 24 கிராம் வீதம், இப்புட்டிக்கு 18 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. நொதித்து முடிந்தபின் லிட்டருக்கு 1 கிராம் எஞ்சுவதாகக் கொண்டால், புட்டியில் இருப்பது முக்கால் கிராம் மட்டுமே.

தயாரிப்பாளர் லிட்டருக்கு 8 கிராம் 'தொசாஜ்' செய்ய முடிவு செய்கிறார். புட்டிக்கு 6 கிராம் தேவை. அவரிடமுள்ள கரைசலில் லிட்டருக்கு 600 கிராம் சர்க்கரை இருந்தால், 10 மில்லி லிட்டர் ஊற்றினால் போதும், இரண்டு தேக்கரண்டி. இப்போது ஒயினின் மொத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம். 12 கிராமுக்குக் குறைவு என்பதால் இது 'ப்ரூட்'.

இப்புட்டியில் இரு கட்டங்களிலும் சேர்த்த சர்க்கரை 24 கிராம். அருந்துபவரைச் சென்றடைவதோ 7 கிராமுக்கும் குறைவு. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று எதைக் கொள்வது என்பதைப் பொறுத்து விடை 24 ஆகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். மேலட்டையில் உள்ள 'ப்ரூட்' என்ற சொல் இவ்விரண்டில் எதையும் கூறவில்லை. எஞ்சியிருக்கும் மொத்தத்தை மட்டுமே, அதுவும் ஒரு வரம்பாகவே கூறுகிறது.

அதே ஒயினை டெமி-செக்காக மாற்ற வேண்டுமானால் லிட்டருக்கு 40 கிராம், அதாவது புட்டிக்கு 30 கிராம் சேர்க்க வேண்டும். அதே கரைசலில் 50 மில்லி லிட்டர் தேவைப்படும். அதற்கு இடம் தர வேண்டியிருப்பதால் புட்டியிலிருந்து கூடுதலாக ஒயின் வெளியே எடுக்கப்படும். ஒரே தோட்டம், ஒரே நிலவறை, ஒரே அறுவடை. கடைசி நிமிடத்தில் ஊற்றிய 40 மில்லி லிட்டர் வேறுபாட்டினால் மேலட்டையில் வேறு சொல் அமர்கிறது.

சில தயாரிப்பாளர்கள் புட்டியின் பின்புறத்தில் 'தொசாஜ்: 6 கிராம்' என்பது போன்ற எண்ணைத் தாமாகவே அச்சிடுகின்றனர். இது பயனுள்ள தகவல். ஆனால், அந்த எண் சேர்த்த அளவையே பெரும்பாலும் குறிக்கிறது. ஏற்கெனவே எஞ்சியிருந்த ஒரு கிராமோ ஒன்றரை கிராமோ அதில் அடங்காமல் இருக்கலாம். சட்டச் சொல் மொத்தத்தையும், பின்புற எண் சேர்ப்பையும் குறிப்பதால் இரண்டும் ஒன்றல்ல.

சேர்க்கவில்லை என்று உறுதி கூறும் ஒரே சொல்

ஏழு சொற்களில் 'ப்ரூட் நேச்சர்' மட்டும் மாறுபட்டது. 3 கிராமுக்குக் குறைவு என்ற வரம்போடு, இரண்டாவது நொதித்தலுக்குப் பிறகு சர்க்கரை எதுவும் சேர்க்கப்பட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதற்கு உண்டு. 'தொசாஜ் ஸீரோ', 'பா தொஸே' என்று அச்சிடப்படுபவையும் இதே பொருளைத் தருபவை. வெளியேறிய ஒயினுக்குப் பதிலாக அதே ஒயினைக் கொண்டே புட்டியை நிரப்புவர்.

இங்கும் ஒரு நுணுக்கம் உள்ளது. நுரையை உண்டாக்குவதற்காகப் புட்டியில் அடைக்கும்போது சேர்த்த 18 கிராமை இந்த நிபந்தனை தொடுவதில்லை. அது சேர்க்கப்பட்டு, நொதித்து, மறைந்துவிட்டது. 'சர்க்கரையே சேர்க்காதது' என்று விளம்பரங்கள் கூறும்போது, 'கடைசியில் சேர்க்காதது' என்று வாசிப்பதே சரி.

இன்னொரு புறம், வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் மட்டுமே உள்ள, எதுவும் சேர்க்காத ஒயினை 'ப்ரூட் நேச்சர்' என்றும் கூறலாம். 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' என்றும் கூறலாம். வெறும் 'ப்ரூட்' என்றும் கூறலாம். பொருந்தும் சொற்களில் ஒன்றைத் தேர்வு செய்யும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு. ஆகவே, 'ப்ரூட்' என்ற சொல்லைத் தாங்கிய இரு புட்டிகளில் ஒன்றில் 3 கிராமும், மற்றொன்றில் 11 கிராமும் இருப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. போதாக்குறைக்கு, ஆய்வில் கிடைக்கும் அளவு மேலட்டையில் கூறியதிலிருந்து 3 கிராம் வரை விலகி இருக்கவும் விதிகள் இடமளிக்கின்றன.

பழைய புட்டிகளை வாங்குபவர்களுக்கு மேலும் ஒரு செய்தி. 2009ஆம் ஆண்டுக்கு முன் ப்ரூட்டின் உச்சவரம்பு 12 அல்ல, 15 கிராம். எக்ஸ்ட்ரா டிரை 20 கிராம் வரையிலும், செக் 35 கிராம் வரையிலும் செல்ல முடிந்தது. அந்தக் காலத்து மேலட்டையை இன்றைய அளவுகோலால் படிக்கலாகாது.

சேர்க்காமலேயே இனிக்கும் ஒயின்

சொல்லுக்கும் சேர்ப்புக்கும் தொடர்பில்லை என்பதற்கு மறுகோடியில் நிற்கும் சான்று, இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் தயாராகும் இனிப்பான 'ஆஸ்தி' ஒயின். மொஸ்காடோ திராட்சையின் சாற்றை அழுத்தம் தாங்கும் பெரிய கலனில் நொதிக்க விடுகின்றனர். ஆல்கஹால் சுமார் 7 சதவீதத்தை எட்டும்போது கலனைக் குளிரூட்டி, ஈஸ்டை வடிகட்டி நீக்கிவிடுகின்றனர். நொதித்தல் பாதியில் நின்றுவிடுவதால் திராட்சையின் சொந்தச் சர்க்கரை பெருமளவில் தங்குகிறது. லிட்டருக்கு 50 கிராம் என்ற எல்லையை அது எளிதில் கடக்கிறது. அளவுகோலின்படி ஏழாவது படியான 'டூ' வகை இது. இத்தாலிய மொழியில் 'தோல்ச்சே'. ஆனால், நறுமணத் திராட்சைகளிலிருந்து இம்முறையில் தயாராகும் தரமான நுரைக்கும் ஒயின்களில் இறுதிக் கட்டச் சர்க்கரைக் கரைசலைச் சேர்க்க ஐரோப்பிய விதிகளே தடை விதிக்கின்றன. அளவுகோலில் மிகவும் இனிப்பானதாக இருக்கும் புட்டியில் கடைசியில் சேர்த்த சர்க்கரை துளியும் இல்லை. ப்ரூட் புட்டியில் உண்டு.

ப்ரொசெக்கோவின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கு இரண்டாவது நொதித்தல் புட்டியில் அல்லாமல் கலனில் நடைபெறுகிறது. வேண்டிய இனிப்பு எஞ்சும் நேரத்தில் குளிரூட்டி நிறுத்தவும் முடியும்; முழுவதும் நொதிக்க விட்டுப் பின்னர் இனிப்புச் சேர்க்கவும் முடியும். இரு வழிகளிலும் லிட்டருக்கு 15 கிராம் இருந்தால் மேலட்டை 'எக்ஸ்ட்ரா டிரை' என்றே கூறும். எந்த வழி என்பதை அது கூறாது. ப்ரொசெக்கோவில் எக்ஸ்ட்ரா டிரை நெடுங்காலமாகவே பரவலான வகை என்பதால், தொடக்கத்தில் கூறிய தவறு நிகழ அதிக வாய்ப்புள்ள இடமும் இதுவே. வால்தொப்பியாதேனே பகுதியின் புகழ்பெற்ற கார்த்திட்சே குன்றிலிருந்து வரும், விலை கூடிய ஒயின் மரபுப்படி 'டிரை' வகையைச் சேர்ந்தது. அதாவது, 17 முதல் 32 கிராம்.

பெயர்கள் தலைகீழானது எப்படி?

இந்த விசித்திரமான வரிசைக்கு 19ஆம் நூற்றாண்டின் நாவுச் சுவையே காரணம். 2010ஆம் ஆண்டு பால்டிக் கடலில், பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிக் கிடந்த கப்பல் ஒன்றிலிருந்து 168 ஷாம்பெயின் புட்டிகள் மீட்கப்பட்டன. ஏறக்குறைய 170 ஆண்டுகள் கடலடியில் இருந்த அந்த ஒயினை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் பிலிப் ஜாந்தே தலைமையிலான குழு, 2015இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் ஒரு லிட்டருக்கு 140 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரை இருந்தது. இன்றைய கோலா பானங்களைவிட இது அதிகம். அக்காலத்தில் ரஷ்யச் சந்தைக்குச் சென்ற ஷாம்பெயின் இதையும் விஞ்சும் இனிப்பு உடையதாக இருந்தது.

அத்தகைய சூழலில் லிட்டருக்கு 30 கிராம் உள்ள ஒயின் 'உலர்ந்தது' எனப் பட்டதில் வியப்பில்லை. பிரிட்டனில் உணவோடு அருந்த இனிப்புக் குறைந்த வகையை விரும்பினர். 'டிரை' எனப்பட்டதைவிடக் குறைந்த இனிப்புள்ளதைக் குறிக்க 'எக்ஸ்ட்ரா டிரை' வந்தது. பின்னர் அதைவிடவும் குறைத்தபோது அந்த ஏணியில் சொல் மிச்சமில்லை. இனிப்பூட்டிப் பதப்படுத்தாதது என்ற பொருளில் 'ப்ரூட்' கீழே செருகப்பட்டது. 1874ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து பொம்மெரி நிறுவனம் வெளியிட்ட ஷாம்பெயின் இந்த மாற்றத்தின் அடையாளமாகக் குறிப்பிடப்படுகிறது. இன்று ஷாம்பெயினில் பெரும்பகுதி ப்ரூட் வகையே. சுவை மாறிவிட்டது, பழைய சுவைக்கு ஏற்ப வைத்த பெயர்கள் மட்டும் சட்டத்தில் நிலைத்துவிட்டன.

நாக்கு ஏன் ஏமாறுகிறது?

9 கிராம் சர்க்கரை உள்ள ப்ரூட் ஒயினை அருந்துபவர் அதில் இனிப்பு இருப்பதாகவே உணர மாட்டார். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் இனிப்பதில்லை, புளிப்பின் கூர்மைதான் மழுங்குகிறது. அதுவே இங்கும் நடக்கிறது. ஷாம்பெயின் குளிர்ந்த வட்டாரம். அங்கு விளையும் திராட்சையில் அமிலம் மிகுதி. கரைந்த கரியமில வாயுவும் புளிப்புணர்வைக் கூட்டுகிறது. குளிர்ச்சி இனிப்புணர்வைக் குறைக்கிறது. குவளையில் ஊற்றிய ஒயினைச் சற்று நேரம் விட்டுவைத்து, நுரை அடங்கி, குளிர் தணிந்தபின் சுவைத்தால், மறைந்திருந்த சர்க்கரை வெளிப்படும். எக்ஸ்ட்ரா டிரை, செக் வகைகளில் இந்த வேறுபாடு எவருக்கும் எளிதில் புலப்படும்.

'தொசாஜ்' என்பது வெறும் இனிப்பூட்டல் அல்ல என்று தயாரிப்பாளர்கள் கூறுவதன் காரணமும் இதுவே. அமிலம் மிகுந்த ஆண்டில் 9 கிராம் தேவைப்படும் ஒயினுக்கு, வெப்பம் மிகுந்து திராட்சை நன்கு பழுத்த ஆண்டில் 5 கிராமே போதுமானதாக இருக்கலாம். அமிலம் போதிய அளவில் இருந்து சர்க்கரை இல்லாவிட்டால் ப்ரூட் நேச்சர் சிலருக்குக் கடுமையாகப் படுவதுண்டு.

குவளையில் எவ்வளவு?

ஒரு குவளைக்கு 125 மில்லி லிட்டர் எனக் கொண்டால், லிட்டருக்கு 9 கிராம் உள்ள ப்ரூட்டில் சுமார் 1.1 கிராம் சர்க்கரை உள்ளது. 15 கிராம் உள்ள எக்ஸ்ட்ரா டிரையில் 1.9 கிராம். 40 கிராம் உள்ள டெமி-செக்கில் 5 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரைக்குச் சற்று மேல்.

ஆனால், உடல் எடையைக் கருதிச் சொல்லைத் தேர்வு செய்பவர்கள் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 12 சதவீத ஆல்கஹால் உள்ள அதே குவளையில் ஏறத்தாழ 12 கிராம் ஆல்கஹால் உள்ளது. அதிலிருந்து மட்டும் 80 கலோரிக்கு மேல் கிடைக்கிறது. ப்ரூட்டின் சர்க்கரை தருவது 4 அல்லது 5 கலோரி. டெமி-செக்கின் சர்க்கரை தருவது 20 கலோரி. ப்ரூட்டை விட்டு ப்ரூட் நேச்சருக்கு மாறுபவர் குவளைக்கு மிச்சப்படுத்துவது ஏறத்தாழ நான்கு கலோரி மட்டுமே. 'சர்க்கரை சேர்க்காதது' என்ற சொல்லை உடல்நலச் சான்றாகக் காட்டும் விளம்பரங்கள் ஆல்கஹாலைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நீரிழிவு நோயாளிகளுக்கு இது மேலும் முக்கியம். மேலட்டைச் சொல்லைச் சரியாகப் படித்து சர்க்கரையைக் குறைத்துவிட்டாலும், ஆல்கஹாலின் விளைவு வேறு திசையில் செல்லும். இன்சுலின் அல்லது சல்ஃபொனைல்யூரியா வகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு, வெறும் வயிற்றில் மது அருந்தினால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக் கூடும். 'ப்ரூட்' என்ற சொல்லில் அதற்கான எச்சரிக்கை ஏதும் அடங்கியிருக்கவில்லை.

எண் எங்கே கிடைக்கும்?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 8 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அந்நாளுக்குப் பிறகு தயாரிக்கப்படும் ஒயின்களுக்கு உட்பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் தரப்பட வேண்டும். கலோரி அளவு புட்டியின் மீது இருக்க வேண்டும். மற்றவற்றை க்யூஆர் குறியீடு மூலம் தரலாம். கைப்பேசியில் அக்குறியீட்டைத் திறந்தால் 100 மில்லி லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பது காணக் கிடைக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் மேலட்டைச் சொல்லின் அளவுகோலோடு ஒப்பிடலாம். 'ப்ரூட்' என்ற அகன்ற வரம்புக்குள் அந்தப் புட்டி எங்கே நிற்கிறது என்பதை இப்படி அறிய முடியும்.

அப்போதும் சேர்த்த அளவு தெரியாது. உட்பொருள் பட்டியலில் முதல் கட்டக் கரைசலையும் இறுதிக் கட்டக் கரைசலையும் அவற்றின் பெயராலேயே குறிப்பிட்டால் போதும் என விதி அனுமதிக்கிறது. அதில் என்ன அளவு சர்க்கரை என்று கூற வேண்டியதில்லை. பட்டியலில் இறுதிக் கட்டக் கரைசலின் பெயர் இருக்கிறதா, இல்லையா என்பதைக் கவனிப்பதே வாசகர் செய்யக்கூடியது.

இந்தியாவில் நாசிக் பகுதித் தயாரிப்பாளர்களும் தங்கள் நுரைக்கும் ஒயின்களில் 'ப்ரூட்' போன்ற பிரெஞ்சுச் சொற்களையே பயன்படுத்துகின்றனர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு மதுபான விதிமுறைகள், மேலட்டையில் ஊட்டச்சத்து விவரங்களைத் தருவதைத் தடை செய்துள்ளன. மது நுகர்வு உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும் என்ற எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியுள்ளன. எனவே, இங்கு வாங்கும் உள்நாட்டுப் புட்டியில் சர்க்கரையைக் கிராமில் தேடினால் கிடைக்காது. சர்க்கரையைப் பற்றி வாடிக்கையாளர் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒற்றைப் பிரெஞ்சுச் சொல் மட்டுமே.